மூன்று மாத வட்டி மூன்று விதமாக வந்த கதை: நடப்புக் கணக்கும் பெருக்க முறையும்

சுன்னாகத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு கடதாசியோடு வந்தார். கொழும்பில் இருந்து சாமான் அனுப்பும் மொத்த வியாபாரி ஜனவரி முதல் மார்ச் வரையான கணக்கை முடித்து அனுப்பியிருந்தார். அடியில் வட்டி 11,515 ரூபா 7 சதம். அண்ணை தன் கொப்பியில் போட்டுப் பார்த்த வட்டி 9,000. கடையில் நிற்கும் பெடியன் கல்குலேட்டரில் தட்டியது 8,876.71.

"தம்பி, கடைசியில நான் குடுக்க இருக்கிறது ரெண்டு லட்சந்தானே, அதுக்கு எப்பிடி இவ்வளவு வட்டி?" என்பதுதான் அவருடைய கேள்வி.

மூன்று கணக்கும் பிழை. சரியான தொகை 10,775 ரூபா 34 சதம். அது எப்படி வருகிறது என்பதை அவருக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்தேன், எழுத வந்தால் கொஞ்சம் நீளுகிறது.

## முதலில் பெயர்க் குழப்பம்

நடப்புக் கணக்கு என்றவுடன் பலருக்கு வங்கியில் செக் புத்தகத்தோடு வரும் நடைமுறைக் கணக்குதான் ஞாபகம் வருகிறது. இது வேறு. அடிக்கடி கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர், ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் நடந்த எல்லாவற்றையும் திகதி வாரியாக எழுதி, அதற்கான வட்டியையும் போட்டு, கடைசி மீதியைக் காட்டி மற்றவருக்கு அனுப்பும் கணக்குக்குத்தான் இங்கே நடப்புக் கணக்கு என்று பெயர். ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாகக் காசு கட்டாமல், சாமான் வர வரக் கூட்டி, காசு போகப் போகக் கழித்து, ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு மீதி. கடைக்காரர்கள் கொப்பிக் கணக்கு என்று சொல்வதன் ஒழுங்கான வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குழப்பம், இந்தக் கணக்குக்கு வட்டி போடும் பெருக்க முறையின் ஆங்கிலப் பெயரில் உள்ள 'புரொடக்ட்' என்ற சொல்லால் வருவது. புரொடக்ட் முறை என்றால் சாமானுக்குச் சாமான் வட்டி போடுவது என்று நினைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அது சரக்கு இல்லை. பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டு எண்ணைப் பெருக்கி வரும் விடைக்குப் பெருக்கம் என்போமே, அதுதான். இங்கே பெருக்குவது மீதியையும், அந்த மீதி எத்தனை நாள் அப்படியே நின்றது என்பதையும்.

## வெங்காயக் கிண்டலும் ஆள்-நாளும்

இணுவில் பக்கம் ஒரு தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிறார்கள். முதல் இரண்டு நாள் 8 பேர் வந்தார்கள். அடுத்த மூன்று நாள் 3 பேர். கடைசி நாள் 2 பேர். கூலி எப்படிக் கணக்குப் பார்ப்பீர்கள்?

கடைசி நாள் 2 பேர்தானே நின்றார்கள், ஆறு நாளுக்கும் 2 பேர் கூலி தருகிறேன் என்று தோட்டக்காரர் சொன்னால் அடிதடிதான். 8 பேர் 2 நாள், அது 16. 3 பேர் 3 நாள், அது 9. 2 பேர் ஒரு நாள், 2. மொத்தம் 27 ஆள்-நாள். ஓர் ஆளின் ஒரு நாள் கூலியால் அதைப் பெருக்கினால் கணக்கு முடிந்தது. யார் எந்த நாள் வந்தார், எத்தனை நாள் நின்றார் என்று பெயர் பெயராகப் பார்க்கவே தேவையில்லை, ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் நின்றார்கள் என்பது தெரிந்தால் போதும்.

கடனிலும் இதுதான் நடக்கிறது. அங்கே ஆள், இங்கே ரூபா. மற்றவருடைய காசு உங்களிடம் எத்தனை நாள் நின்றதோ அத்தனை நாளுக்கு அதற்குக் கூலி, அந்தக் கூலிக்குப் பெயர் வட்டி. ஒரு லட்சம் ரூபா ஒரு நாள் நின்றால் அதை ஒரு லட்ச-நாள் என்று நான் சொல்லப்போகிறேன். மூன்று லட்சம் 16 நாள் நின்றால் 48 லட்ச-நாள். இந்த 48 தான் பெருக்கம்.

சுருக்கமாக: மீதியை நாளால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு, ஒரு லட்சத்தின் ஒரு நாள் கூலியால் பெருக்கு. மற்றதெல்லாம் இதைப் பிழையில்லாமல் செய்வது பற்றித்தான்.

## ஒரு நாள் கூலி எவ்வளவு?

அண்ணைக்கும் கொழும்பு வியாபாரிக்கும் எழுத்தில் உள்ள பேச்சு, ஆண்டுக்கு 18 சதவீதம், இரண்டு பக்கமும். இந்த 'இரண்டு பக்கமும்' என்ற சொல்லை மறக்க வேண்டாம், பிறகு வேலை இருக்கிறது.

ஒரு லட்சத்துக்கு ஆண்டு வட்டி 18,000. அதை 365 ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 49 ரூபா 31 சதமும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தை 32 சதம் என்று முழுமையாக்கிவிட்டுப் பெருக்கினால் கடைசியில் ஒரு ரூபாவுக்கு மேல் கூடிவிடும், ஆகவே நடுவில் முழுமையாக்க வேண்டாம். முழுப் பெருக்கத்தையும் ரூபாவில் கூட்டி, 18 ஆல் பெருக்கி, 36,500 ஆல் ஒரே தரம் வகுத்துவிடுங்கள். 36,500 என்பது 365 தர 100, சதவீதத்துக்காக வந்த 100. சிலர் ஆண்டுக்கு 360 நாள் என்று பிடித்து 36,000 ஆல் வகுப்பார்கள், அப்படிச் செய்தால் வட்டி கொஞ்சம் கூடும், எது என்பதை முதலே பேசி வைப்பது நல்லது.

## அண்ணையின் மூன்று மாதம்

டிசம்பர் 31 இரவு அண்ணை கொடுக்க இருந்தது 3 லட்சம். பொங்கல் முடிந்து ஜனவரி 16 இல் லொறியில் 2 லட்சத்துக்குக் கம்பியும் தகரமும் வந்தது. பெப்ரவரி 5 இல் மூன்றரை லட்சத்துக்குச் செக் கொடுத்தார். பெப்ரவரி 20 இல், விலை ஏறப்போகிறது என்ற கதையைக் கேட்டு, முற்பணமாக இன்னும் இரண்டரை லட்சம் அனுப்பினார். மார்ச் 7 இல் 4 லட்சத்துக்குச் சாமான். மார்ச் 22 இல் விற்பனைப் பிரதிநிதியின் கையில் ஒரு லட்சம் காசு. மார்ச் 31 கணக்கு முடிப்பு.

| திகதி (2025) | நடந்தது | மீதி (லட்சம்) | நின்ற நாள் | பெருக்கம் (லட்ச-நாள்) |
|---|---|---|---|---|
| டிச. 31, 2024 | பழைய மீதி | 3 | 16 | 48 |
| ஜன. 16 | சாமான் 2 | 5 | 20 | 100 |
| பெப். 5 | செக் 3.5 | 1.5 | 15 | 22.5 |
| பெப். 20 | முற்பணம் 2.5 | −1 | 15 | −15 |
| மார்ச் 7 | சாமான் 4 | 3 | 15 | 45 |
| மார்ச் 22 | காசு 1 | 2 | 9 | 18 |
| | | | 90 | 218.5 |

ஒவ்வொரு வரியிலும் உள்ள நாள், அந்த மீதி பிறந்த திகதியில் இருந்து அடுத்த மாற்றம் வரும் திகதி வரை. 218.5 லட்ச-நாள் என்றால் ரூபாவில் 2,18,50,000. அதை 18 ஆல் பெருக்கி 36,500 ஆல் வகுத்தால் 10,775.34. அவ்வளவுதான் முறை.

நான்காவது வரியில் கழித்தல் அடையாளம் ஏன் என்று கேட்பீர்கள். பெப்ரவரி 20 க்குப் பிறகு 15 நாள் அண்ணை கடன்காரர் இல்லை, அவருடைய ஒரு லட்சம்தான் கொழும்பில் நின்றது. அந்த 15 லட்ச-நாளுக்குக் கூலி அவருக்கு வர வேண்டும். கொழும்பு வியாபாரி தன் கடதாசியில் அந்த வரியில் மீதி 1 லட்சம் என்று எழுதி, பெருக்கப் பத்தியில் கோடு போட்டு விட்டிருந்தார். 15 ஐக் கழிக்காமல் விட்டால் 233.5, அதன் வட்டி 11,515.07. அவருடைய தொகை அங்கிருந்துதான் வந்தது. வித்தியாசம் 739 ரூபா 73 சதம். பேச்சு ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றிருந்தால் அவர் செய்தது சரி, ஆனால் பேச்சு அப்படி இல்லை.

புத்தகத்தைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு சொல் எச்சரிக்கை. நம் பாடசாலைப் புத்தகங்களில் வரவு, செலவு என்று வருவதைத் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் பற்று, வரவு என்று எழுதும். நமது வரவு அவர்களுக்குப் பற்று, நமது செலவு அவர்களுக்கு வரவு. இரண்டையும் கலந்து படித்தால் பக்கம் தலைகீழாகிவிடும். அதனால்தான் இங்கே யார் கொடுக்க இருக்கிறார் என்று மட்டும் பார்க்கிறேன்.

## மற்ற இரண்டு பேரும் எங்கே பிழை விட்டார்கள்

பெடியன் செய்தது கடைசி நாள் தோட்டத்தில் நின்றவர்களை எண்ணிக் கூலி கொடுத்தது போல. 2 லட்சம், 90 நாள், 18 சதவீதம், 8,876.71. அதில் விளக்க ஒன்றும் இல்லை.

அண்ணையின் பிழைதான் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் பார்க்க நியாயமாக இருக்கும், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். மாதத்துக்கு ஒன்றரை வட்டி, மாதக் கடைசியில் என்ன மீதி என்று பார்த்தார். ஜனவரிக் கடைசி 5 லட்சம், வட்டி 7,500. பெப்ரவரிக் கடைசியில் தனக்கு வர வேண்டியது 1 லட்சம், ஆகவே 1,500 கழித்தார். மார்ச்சுக்கு 2 லட்சம், 3,000. மொத்தம் 9,000.

பெப்ரவரியைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம். முதல் 5 நாள் அவர் 5 லட்சம் கொடுக்க இருந்தார், 25. அடுத்த 15 நாள் ஒன்றரை லட்சம், 22.5. கடைசி 8 நாள்தான் அவருடைய ஒரு லட்சம் அங்கே நின்றது, அதற்கு 8 கழிவு. மிச்சம் 39.5 லட்ச-நாள், அதற்கு அவர் கொடுக்க வேண்டிய வட்டி 1,947.95. தனக்கு 1,500 வர வேண்டும் என்று எழுதிய மாதத்தில் உண்மையில் அவர்தான் கொடுக்க வேண்டும். மாதக் கடைசி மீதி அந்த ஒரு நாளின் படம் மட்டுமே, முந்திய 27 நாளில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. ஜனவரியிலோ பிழை எதிர்ப்பக்கம், 16 நாள் 3 லட்சமாக இருந்ததை முழு மாதமும் 5 லட்சம் என்று பிடித்துத் தனக்கே கூடப் போட்டுக்கொண்டார். மாதக் கடைசி முறையில் கணக்குப் பார்க்கும் இடங்களில் 30 ஆம் திகதி பில் போடுவதும், 30 ஆம் திகதி காசு கட்டுவதும் ஒரு விளையாட்டாகவே நடக்கும். பெருக்க முறையில் அந்த விளையாட்டுக்கு இடம் குறைவு, ஒரு நாள் முந்தினால் ஒரு நாளுக்குத்தான் லாபம்.

இதுவரை சொன்னது: மீதி மாறும் ஒவ்வொரு திகதியிலும் வரி உடைய வேண்டும். மீதி மறுபக்கம் திரும்பினால் அடையாளமும் திரும்ப வேண்டும்.

## நாள் எண்ணுதல்

பிழைகளில் அரைவாசி இங்கேதான். ஜனவரி 16 முதல் பெப்ரவரி 5 வரை எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணும்போது சிலர் இரண்டு திகதியையும் சேர்த்து 21 என்பார்கள். அப்படிச் செய்தால் பெப்ரவரி 5 அந்த வரியிலும் எண்ணப்படும், அடுத்த வரியிலும் எண்ணப்படும், ஒரே நாளுக்கு இரண்டு கூலி. வழக்கம் என்னவென்றால் மீதி பிறந்த நாளை விட்டுவிட்டு, அது முடியும் நாளைச் சேர்ப்பது. அதாவது திகதியில் திகதியைக் கழிப்பது.

பழைய மீதிக்கு மட்டும் ஒரு பொறி உண்டு. அதை ஜனவரி 1 என்று எழுதிவிட்டு 16 இல் 1 ஐக் கழித்தால் 15 நாள்தான் வரும், ஜனவரி 1 காணாமல் போய்விடும். அதனால்தான் மேலே டிசம்பர் 31 என்று எழுதினேன்.

நாள் பத்தியைக் கூட்டுங்கள். 31, 28, 31 கூட்டினால் 90, பத்தியும் 90 ஆக இருக்க வேண்டும். 89 வந்தால் முதல் நாள் போய்விட்டது, 95 வந்தால் மற்ற ஐந்து வரியிலும் இரண்டு முனையையும் எண்ணிவிட்டீர்கள். ஆனால் 90 வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. பெப்ரவரி 5 ஐத் தவறுதலாக 15 என்று எழுதினால் ஒரு வரியில் பத்து நாள் கூடும், அடுத்த வரியில் பத்து நாள் குறையும், கூட்டுத்தொகை அதே 90 தான். எண்ணும் பிழையைத்தான் அது பிடிக்கும், எழுதும் பிழையைப் பிடிக்காது. அதற்கு பில்லையும் ரசீதையும் எடுத்து வைத்துத் திகதி திகதியாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

எக்செல்லில் செய்பவர்கள் A பத்தியில் திகதி, C பத்தியில் மீதி, அதையும் லட்சத்தில் அல்ல, முழு ரூபாவில் என்று வைத்து, கடைசி வரியில் (A8) முடிப்புத் திகதியைப் போடுங்கள்:

```
D2:  =A3-A2
E2:  =C2*D2
     =SUM(E2:E7)*18/36500
```

D2, E2 இரண்டையும் 7 ஆம் வரி வரை இழுத்துவிடுங்கள். கணினி மாதத்தை முன்னுக்கு வைக்கும் அமைப்பில் இருந்தால் 05/02/2025 என்று தட்டியதை மே 2 என்று எடுத்துக்கொள்ளும், 16/01/2025 ஐத் திகதியாகவே ஏற்காது. நாள் பத்தியில் கழித்தல் எண்ணோ #VALUE! என்றோ தெரிந்தால் அதுதான் காரணம்.

## வேறு வழியால் சரிபார்த்தல்

ஓடும் மீதியைப் பார்க்காமல் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக முடிப்புத் திகதி வரை கொண்டுபோயும் பெருக்கலாம். பழைய 3 லட்சம் 90 நாளும் நின்றது, 270. ஜனவரிச் சாமான் 2 லட்சம் 74 நாள், 148. மார்ச் சாமான் 4 லட்சம் 24 நாள், 96. கூட்டினால் 514. கொடுத்த பக்கம்: செக் 3.5 லட்சம் 54 நாள், 189. முற்பணம் 2.5 லட்சம் 39 நாள், 97.5. காசு 1 லட்சம் 9 நாள், 9. கூட்டினால் 295.5. இரண்டுக்கும் வித்தியாசம் 218.5.

அதே எண் வருவது அதிசயமில்லை. தோட்டத்தில் நாள் நாளாக ஆட்களை எண்ணினாலும், ஆள் ஆளாக நாளை எண்ணினாலும் 27 தானே. இரண்டு வழியில் எதையும் எடுக்கலாம். ஓடும் மீதி வழியில் எனக்குப் பிடித்தது, எந்தக் கிழமை யார் யாருக்குக் கடன் என்று கண்ணுக்கு முன்னால் தெரிவது. கொழும்பு வியாபாரியின் பிழை அகப்பட்டதும் அதனால்தான்.

## தவணையும் வட்டிக்கு வட்டியும்

அண்ணையின் கணக்கில் சாமான் வந்த நாளில் இருந்தே வட்டி ஓடும் என்பது பேச்சு. பில்லுக்கு 30 நாள் தவணை உண்டென்றால் கதை மாறும். அப்போது பில் திகதியை அல்ல, தவணை முடியும் திகதியை வைத்து வரிகளை அடுக்க வேண்டும். ஜனவரி 16 பில் பெப்ரவரி 15 இல்தான் வட்டிக் கணக்குக்குள் வரும். மார்ச் 7 பில் ஏப்ரல் 6 இல் வரும், அதாவது கணக்கு முடித்த பிறகு. அதை இந்தக் காலாண்டின் பெருக்கத்தில் சேர்க்கக் கூடாது. ஆனால் மார்ச் 31 மீதியில் அந்த 4 லட்சமும் இருக்குமே, அந்த மீதியை அப்படியே ஏப்ரல் கணக்கின் பழைய மீதியாகக் கொண்டுபோனால் ஏப்ரல் 1 இலேயே வட்டி ஓடத் தொடங்கிவிடும், ஆறு நாள் அநியாயம். ஆகவே 4 லட்சம் தர 6 நாள், 24 லட்ச-நாளை எதிர்ப்பக்கம் கழித்து எழுதுவார்கள். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் இதைச் சிவப்பு மையில் எழுதியதால் சிவப்பு மை வட்டி என்றே பெயர் வந்தது.

வட்டியை எப்போது கணக்கில் ஏற்றுவது என்பது மற்றது. காலம் முடியும் நாளில் ஒரே தரம்தான். மார்ச் 31 இல் 2 லட்சத்தோடு 10,775.34 சேர்ந்து 2,10,775.34 ஆகும், அதுதான் அடுத்த காலாண்டின் பழைய மீதி, அதற்கு முழுவதற்கும் வட்டி ஓடும். அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி முதலாகிறது. ஒவ்வொரு வரியிலும் வட்டியைக் கண்டு உடனே மீதியோடு கூட்டினால், கொடுக்கல் வாங்கல் நடக்கும் நாளெல்லாம் வட்டிக்கு வட்டி ஏறும், யாரும் அப்படிப் பேசவில்லை.

## செக் எந்தத் திகதி?

அண்ணை அன்றே கொழும்புக்கு அழைப்பு எடுத்தார். அந்தப் பக்கத்தில் இருந்த கணக்காளர் பிள்ளை நல்ல கெட்டிக்காரி, கழித்தல் வரியை விட்டது பிழைதான் என்று உடனே ஒத்துக்கொண்டார், 739.73 ஐக் குறைப்பதாகவும் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "பெப்ரவரி 5 இல தந்த செக் எங்கட வங்கியில 7 ஆம் திகதிதான் காசானது. நீங்கள் 5 எண்டு பிடிச்சிருக்கிறியள். அந்த ரெண்டு நாள்?"

மூன்றரை லட்சம், இரண்டு நாள், 7 லட்ச-நாள். வட்டியில் 345 ரூபா 21 சதம். செக்கைக் கையில் கொடுத்த நாளா, காசான நாளா என்று அவர்களுடைய எழுத்துப் பேச்சில் ஒரு வரியும் இல்லை. பத்து நாள் தள்ளித் திகதி போட்ட செக்காக இருந்திருந்தால் இதே கேள்வியின் விலை 1,726 ரூபா.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன். கடைசியில் இந்த முறை 5, இனி காசான நாள் என்று இரண்டு பேரும் போனிலேயே பேசி முடித்தார்கள், அதை எழுத்தில் அனுப்பச் சொல்லி நான் பக்கத்தில் இருந்து கையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.